கழுகுத் தலை போட்ட வளையம்

ஒரு நகையைக் கையில் வைத்துப் பார்த்தால் அது எந்தக் கரையிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தது என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்கு இணையாக ஒரு ஆள் தலைநகர் போர் லூயியிலும் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போனது ஒன்றரை வருஷம். கரும்பு வெட்டும் கூலிக்குப் பிறந்து, பட்டணத்தில் ஒரு கிரியோல் பொற்கொல்லரின் கடையில் தரையைக் கூட்டிக்கொண்டே தொழிலைப் பார்த்துப் பிடித்தவன். போ பசானுக்கு மேற்கே கரும்புக்காடுகளுக்கு நடுவில் இருந்த எங்கள் ஊரில் தகரக் கூரையில் ஒரு பட்டறை போட்டு, பத்து வருஷத்துக்குள் அதைக் கல் கட்டடமாக மாற்றினேன். எவனும் எனக்கு ஒரு காசு தூக்கிக் கொடுக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் பயந்து செத்த நாலு நாளையும் எழுதாமல் விட்டால் அது நியாயமில்லை.

பெரிய யுத்தம் முடிந்து சர்க்கரை விலை ஏறிக் கிடந்த காலம். எஸ்டேட் வெள்ளைக்காரர்கள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். நம் ஆட்கள் வாங்கினார்கள். எங்கள் ஊரில் ஆறு அர்ப்பான் நிலம் வைத்திருந்த ஒருவர் பக்கத்தில் இன்னும் இரண்டு அர்ப்பான் வாங்கியிருந்தார். அவரும் நானும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எல்லைக் கல் விஷயமாக எஸ்டேட் பெரிய வீட்டுக்கு ஒரு வாரத்தில் மூன்று தடவை போய் வந்தார். அதே வாரத்தில் அந்த வீட்டு எஜமானி மதாமின் நகைப் பெட்டியிலிருந்து ஒரு பழைய வைரப் பூ காணாமல் போனது.

அதற்கடுத்து வந்த ஆடிக் காவடித் திருநாளுக்கு மச்சானின் மனைவி ஒரு பதக்கம் அணிந்து கோயிலுக்கு வந்தாள். பூ மாதிரி, ஏழு வைரம் வைத்தது. அவளுடைய அம்மா தாய்நாட்டிலிருந்து கப்பல் ஏறும்போது புடவை மடிப்பில் தைத்துக் கொண்டுவந்த நகை. எஸ்டேட்டில் கூலிகளை மேய்க்கிற சர்தார் அதைப் பார்த்துவிட்டான். மறுநாள் காலை போலீஸ் அவர்கள் வீட்டு வாசலில் நின்றது.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் பட்டறையில் உட்கார்ந்து ஊதுகுழலை வாயில் வைத்திருந்தேன். போலீஸ் சார்ஜன் உள்ளே வந்தார். கனத்த உடம்பு, கனத்த பூட்ஸ். கைக்குட்டையை மேசைமேல் வைத்து விரித்தார்.

"பத்தர், இது எந்த நாட்டுப் பொன்னுன்னு சொல்லு. ஊர்ல எல்லாரும் உன்னைத்தான் கைகாட்டறாங்க."

கைக்குட்டைக்குள் இருந்த பதக்கத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நகையைவிட, அதன் தலையில் இருந்த வளையத்தை. சங்கிலி கோர்க்கிற அந்த வளையத்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் பற்றவைத்தவன் நான்.

தொழிலில் இது சாதாரண வழக்கம். தாய்நாட்டுப் பொன் மெத்தென்று இருக்கும். இருபத்திரண்டு காரட் பொன்னில் வளையம் போட்டால் சங்கிலி உரசி உரசி பத்து வருஷத்தில் அறுந்துவிடும். பிரெஞ்சுப் பொன் பதினெட்டு. செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ந்திருப்பதால் கெட்டி. பழைய, உடைந்த பிரெஞ்சு நகை விலைக்கு வந்தால் அதில் உள்ள நல்ல வளையங்களை உருக்காமல் எடுத்து வைப்பேன். ஊர்ப் பெண்களின் நகைக்குத் தேய்கிற இடத்தில் போட்டுக் கொடுப்பேன். பிரெஞ்சுக்காரன் பதினெட்டுப் பொன்னில் கழுகுத் தலை முத்திரை குத்துவான். எள்ளில் பாதி அளவு இருக்கும்; பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. நான் போட்ட அந்த வளையத்தில் அது இருந்தது. சுரண்டி எடுக்காமல் விட்டிருந்தேன். அழகுதானே என்று நினைத்தேன்.

"இந்தாளு எஸ்டேட் வீட்டுக்குப் போய்ட்டு வந்தவன்," என்று சார்ஜன் மச்சானின் பெயரைச் சொன்னார். "மதாமோட பூவுல பறவை முத்திரை இருந்துச்சாம். இதுலயும் ஒரு பறவை இருக்கு, நான் கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். உடைச்சுப் புதுசா கட்டிட்டான்னு நினைக்கிறேன். உடைச்சுக் கட்டினவன் யாருன்னு அப்புறம் பாக்கலாம்."

அப்படித் தேடினால் முதலில் என் பட்டறைக்குத்தான் வருவார்கள். அந்த நேரத்தில் என் இரும்புப் பெட்டிக்குள் ஊர்ப் பெண்களின் நகை முப்பதுக்கு மேல் கிடந்தது. திருநாளுக்கு முன்னால் மெருகு போடக் கொடுத்து, இன்னும் வாங்கிப் போகாதவை. தாலிக்கொடியே நாலு இருந்தது. பக்கத்துத் தகரடப்பாவில் உடைந்த பிரெஞ்சுத் துண்டுகள். அந்த வளையம் எந்த நகையிலிருந்து வந்தது, அந்த நகையை யாரிடம் வாங்கினேன் என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. போ பசானில் ஒரு தையல்காரக் கிழவி உடைந்த சங்கிலி ஒன்று விற்றாள். அதுவாக இருக்கலாம். அவள் இறந்தும் விட்டாள்.

"சொல்லு பத்தர்."

கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தேன். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டேன்.

"கழுகுத் தலை," என்றேன். "பிரெஞ்சு முத்திரைதான். பதினெட்டு."

"அவ்வளவுதானே?"

அவ்வளவு இல்லை. வளையத்தில் மட்டும்தான் முத்திரை. பதக்கம் வேறு பொன், வைரம் வேறு வெட்டு. இதை ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வளையத்தைப் போட்டது யார் என்பது.

"அவ்வளவுதான் மிஸ்ஸே," என்று மரியாதையாகவே சொன்னேன்.

சார்ஜன் நகையைச் சுருட்டிக்கொண்டு போனார். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு அன்று மத்தியானமே மச்சானைக் கொண்டுபோய் அடைத்தார்கள்.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. பூட்ஸ் சத்தம் எது கேட்டாலும் கை நின்றுவிடும். வாசலில் நிழல் விழுந்தால் தகரடப்பாவைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளுவேன். ஒரு பெண்மணி தன் மகளின் தோட்டை வாங்க வந்தாள். நான் எழுந்திருக்கிற வேகத்தைப் பார்த்து, "என்ன பத்தரே, பேயப் பார்த்தீங்களா?" என்று சிரித்தாள். மொத்தத் துண்டுகளையும் உருக்கிவிடலாமா என்று நெருப்பைக்கூட மூட்டினேன். பிறகு, புதிதாக உருக்கிய கட்டி எதற்கு என்று அவர்கள் கேட்பார்களே என்று நெருப்பை அணைத்தேன். இப்படி இரண்டு தடவை மூட்டி அணைத்தேன்.

மூன்றாம் நாள் முற்பகலில் மச்சானின் மனைவி வந்தாள். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அந்த வளையம் நீங்க போட்டதுதானே."

நான் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தேன்.

"எனக்கு ஞாபகம் இருக்கு. அறுந்து கெடந்தத நான்தான் எடுத்தாந்தேன். கெட்டியாப் போட்டிருக்கேன், ஒன் பேத்தி வரைக்கும் வரும்னு சொன்னீங்க."

"ஆமா தங்கச்சி."

"போலீஸ்ல நான் சொல்லல. சொல்றேன்னுதான் கெளம்புனேன். அவருதான் வேணாம்னுட்டாரு. கம்பிக்கு அந்தாண்ட நின்னுகிட்டு சொல்றாரு, பத்தர் பேர எடுக்காத, போலீஸ் அந்தப் பட்டறைக்குள்ள பூந்தா ஊர்ல உள்ள பொம்பளைங்க நகை அத்தனையும் அள்ளிட்டுப் போயிடுவான், திரும்பி வராதுன்னு."

என்னைக் காப்பாற்ற அவர் அப்படிச் சொல்லவில்லை. ஊர்ப் பெண்களின் தாலிக்கொடியைக் காப்பாற்றச் சொன்னார். அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

"நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தப் போறாங்களாம்," என்றாள். "திருடன்னு எழுதிட்டா உள்ள போட்டுடுவாங்க. கரும்பு வெட்டற நேரம். எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. அவரு பேரு திருடன்னு ஆயிட்டா யாரு வந்து பொண்ணு கேப்பான்? நான் ஒங்கள ஒண்ணும் கேக்கல. சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

அவள் போய்விட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டு அன்றைய பொழுது முழுவதும் உள்ளேயே இருந்தேன். பயம் போகவில்லை. அதில் பொய் சொல்லமாட்டேன். ஆனால் எழுந்து, உரைகல்லைத் துணியில் சுற்றினேன். இருபத்திரண்டு காரட் உள்ள ஒரு இங்கிலீஷ் பவுன் காசு, கழுகுத் தலை உள்ள பதினெட்டுத் துண்டு ஒன்று, கண்ணாடி மூடி போட்ட திராவகக் குப்பி, பூதக்கண்ணாடி, குறடு, அரம். எல்லாவற்றையும் பையில் போட்டேன்.

கோர்ட்டில் கூட்டம் இருந்தது. மாஜிஸ்திரேட் இங்கிலீஷ்காரர். எஸ்டேட் மதாம் முன் வரிசையில் கறுப்பு உடையில் இருந்தாள். மச்சான் தாடி முளைத்த முகத்தோடு நின்றார். என்னைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் பார்க்காதவன் மாதிரி முன்னால் போய், இந்த நகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று தமிழ் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். சார்ஜன் திரும்பிப் பார்த்தார்.

"இவன் ஏற்கெனவே பார்த்துச் சொல்லிட்டான், துரை," என்றார்.

"முழுசாச் சொல்லல," என்றேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "முத்திரை உள்ள வளையம் நான் போட்டது. மூணு வருஷத்துக்கு முன்னாடி, ரிப்பேருக்கு. முத்திரை வளையத்துக்குத்தான். பதக்கத்துக்கு இல்ல."

சபையில் சலசலப்பு. மாஜிஸ்திரேட் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி, முத்திரை இருக்கும் உட்பக்கத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நீட்டினார்.

"உனக்குத் தொழில் தெரியுமா தெரியாதான்னு துரை பாக்கணுமாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "இது பதினெட்டாங்கறாரு."

மோதிரத்தின் வெளிப்பக்கத்தைக் கல்லில் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் என் பதினெட்டுத் துண்டால் ஒரு கோடு. அதன் பக்கத்தில் பவுனால் ஒன்று. மூன்றும் ஜன்னல் வெயிலில் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான். பவுன் கோடு மட்டும் கொஞ்சம் கூடுதல் மஞ்சள். வெடியுப்புத் திராவகத்தில் உப்புத் திராவகம் ஒரு சொட்டுக் கலந்து வைத்திருந்தேன். அதைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டு, மூன்று கோட்டுக்கும் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தேன். மனசுக்குள் எண்ணினேன். துரையின் கோடு முதலில் மங்கி, புகைந்து, போய்விட்டது. என் பதினெட்டு நிறம் குன்றி நின்றது. பவுன் அசையவில்லை.

மாஜிஸ்திரேட்டின் கையில் இருக்கிற மோதிரத்தை அது பதினெட்டு இல்லை என்று நான் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

"பதினெட்டு இல்ல, துரை. பதினஞ்சு."

அவர் கட்டைவிரலை எடுத்து மோதிரத்தின் உட்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மொழிபெயர்ப்பாளரும் சிரித்தார். "பதினஞ்சுன்னுதான் குத்தியிருக்காம். கடைக்காரன் பதினெட்டுன்னு சொல்லித்தான் வித்தானாம். மேல சொல்லுங்கறாரு."

சொன்னேன். பதக்கத்தின் அடியோரத்தில் ஒரு கோடு, வளையத்தில் ஒரு கோடு. திராவகம் பட்டதும் வளையத்தின் கோடு மங்கியது. பதக்கத்தின் கோடு பவுனுக்குப் பக்கத்தில் பவுன் மாதிரியே நின்றது. வளையம் பதினெட்டு, பதக்கம் இருபத்திரண்டுக்குக் குறையாது.

"அதனால என்ன?" என்றார் சார்ஜன். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "பதினெட்ட உருக்கி, சுத்தம் பண்ணி, இருபத்திரண்டாக்கிக் கட்டலாம். பத்தருக்குத் தெரியாததா?"

அவர் சொன்னது சரி. என்னால் அதைச் செய்ய முடியும். அந்த நொடியில் சபையில் உள்ள எல்லாக் கண்களும் என் கைகளைப் பார்த்தன. அவை அதைச் செய்திருக்கக்கூடிய கைகள்.

"பொன்ன மாத்தலாம்," என்றேன். "வைரத்த மாத்த முடியாது. மதாமோட பூவுல வைரம் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, துரை."

மதாம் எழுந்தாள். நேர்மையான பெண் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். தன் கைவிரல்களைக் குவித்துக் காட்டினாள். "ரோஸ். நடுவில் கூர்மையாக, மொட்டு மாதிரி. எல்லாம் ஒரே மாதிரி. வெள்ளியில் பதித்தது, பின்பக்கம் பொன்."

பூதக்கண்ணாடியை மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தேன். பழைய பிரெஞ்சுக்காரர்கள் ரோஸ் என்று வெட்டுகிற கல்லுக்கு அடிப்பக்கம் தட்டை. மேலே முக்கோண முக்கோணமாகப் பட்டை ஏறி, ஆறு முக்கோணம் உச்சியில் ஒரு புள்ளியில் கூடும். இந்தப் பதக்கத்தின் ஏழு கல்லிலும் உச்சிப் புள்ளியே கிடையாது. மேலே அகலமாக ஒரு தட்டை முகம். ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று பட்டை. ஒரு கல் நீளவாட்டம், ஒரு கல் மூலை மழுங்கியது. மண்ணில் கிடைத்த வடிவத்தைப் பார்த்து, எடை குறையாமல் தாய்நாட்டுப் பக்கம் தேய்த்த கல். அடியில் பளபளப்புக்கு மெல்லிய தகடு, அதற்கும் கீழே அரக்கு.

"மொட்டுக் கல்லத் தேச்சு இப்படித் தட்டையாக்கணும்னா வைரப்பொடி தடவிச் சுத்தற சக்கரம் வேணும், துரை. அந்தத் தொழில் தெரிஞ்ச ஆள் இந்தத் தீவுல ஒருத்தன் கூட இல்ல. எனக்கும் தெரியாது."

எனக்குத் தெரியாது என்று நான் சபையில் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மாஜிஸ்திரேட் ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். மெதுவாகப் பார்த்தார். பிறகு மதாமிடம், "உங்கள் பூவில் என்ன பறவை முத்திரை?" என்று கேட்டார்.

"சேவல்," என்றாள் மதாம். "இங்கிலீஷ்காரர்கள் இந்தத் தீவுக்கு வருவதற்கு முன்னால் என் கொள்ளுப்பாட்டி கொண்டுவந்தது. நிற்கிற சேவல், காலும் வாலும் தெரியும். சார்ஜனிடம் பறவை என்று சொன்னேன்."

சார்ஜன் காலரைத் தளர்த்திக்கொண்டார். சேவல் முத்திரை பழைய பிரெஞ்சு முத்திரை. கழுகுத் தலை அதற்குப் பிறகு வந்தது. என் கிரியோல் முதலாளி கடையில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். அதை நான் சொல்ல வாய் திறக்கும் முன்பே மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்துவிட்டார். மச்சானைக் கூண்டிலிருந்து இறங்கச் சொன்னார்கள்.

என்னைப் போகச் சொல்லவில்லை.

"வளையத்துப் பொன் எங்கேயிருந்து வந்தது?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

நான் நினைத்திருந்த கேள்வி. நாலு நாளாக இதற்காகத்தான் செத்தேன். தையல்காரக் கிழவியைச் சொன்னேன். அவளாக இருக்கலாம் என்றுதான் சொன்னேன், அவள்தான் என்று சொல்லவில்லை. செத்தவள் தலையில் உறுதியாக ஏற்றிவிட்டுத் தப்பிக்கலாம் என்று மனசு சொன்னது. வாய் வரவில்லை. மாஜிஸ்திரேட் சார்ஜனைப் பார்த்து, இவன் பட்டறையைப் பாருங்கள், இந்த வளையம் இங்கேயே இருக்கட்டும், வெட்டி எடுங்கள் என்றார்.

வெட்ட வேண்டியவனும் நான்தான். மச்சானின் மனைவி முன்னால் வந்து பதக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அரத்தால் மெல்லக் கீறி, குறட்டால் வளைத்து எடுத்தேன். மாஜிஸ்திரேட் முன்னால் கல்லில் கோடு இழுத்தபோது பிசகாத என் கையில் அப்போது அரம் வழுக்கியது. அவள் பார்த்தாள்.

"மெதுவா அண்ணே," என்றாள். "கல்லு போயிடப் போவுது."

அன்று பிற்பகல் சார்ஜன் இரண்டு காவலர்களோடு பட்டறைக்கு வந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இரும்புப் பெட்டியைக் கவிழ்த்தார். தாலிக்கொடி, தோடு, அட்டிகை, குழந்தையின் அரைஞாண், எல்லாம் ஒரே குவியல். ஊர்ப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். எல்லாரும் துணியையே பார்த்தார்கள். மச்சான் அப்போதுதான் குளித்திருந்தார். ஈரத் தலையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எது யாருதுன்னு சொல்லிச் சொல்லி எடுத்துக்கட்டும், சார்ஜன். நான் சாட்சி," என்றார்.

சார்ஜன் நாலு நாள் தான் அடைத்து வைத்த ஆளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சரி என்று தலையாட்டினார். ஒவ்வொருத்தியும் உள்ளே வந்து, துணியைப் பார்த்து, என் கொடியில் ஒரு கரும்பாசி மணி இருக்கும், என் தோட்டில் ஒரு கல் மங்கிய நிறம் என்று சொல்லி எடுத்துப் போனாள். ஒன்றும் குறையவில்லை. கடைசியில் துணியில் மிஞ்சியது என் தகரடப்பாவிலிருந்து கொட்டிய உடைந்த துண்டுகள் மட்டும். அவற்றை ஒரு பையில் கட்டிக் கொண்டுபோனார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதில் சேவல் இல்லை. மதாமின் பூ எங்கே போனதென்று யாருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் மச்சான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை, உள்ளேயே நின்றேன்.

"அன்னிக்கு சார்ஜன் ஒங்கிட்ட வந்தப்பவே அந்த வளையம் ஒன்னுதுன்னு தெரியுமா, மச்சான்?" என்று அவர் கேட்டார்.

"தெரியும்."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "நாலு நாள்," என்றார். "கரும்பு காயுது, நான் போறேன்."

அவர் காட்டுப் பக்கம் நடந்து போவதை மூலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.